68 மணி 16 நிமிடம்: ரீசெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிழை

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி உண்டு, தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும், உள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு ஜிஎஸ்எம் மோடம், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், கரண்ட் போனாலும் விழித்திருக்க ஒரு சின்ன பேட்டரி. அப்படி ஒரு பெட்டியின் ஃபர்ம்வேரை வேறொருவரிடமிருந்து நான் வாங்கிப் பார்க்க ஆரம்பித்தபோது முதலில் வந்த புகார் இதுதான்: "தம்பி, மோட்டார் தானா நின்னுடுது. ரெண்டு நிமிசம் கழிச்சு தானா ஓடுது. பெட்டியில கோளாறா, லைன்ல கோளாறா?" கேட்டவர் இரண்டு முறை நேரில் நின்று பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் மூன்று ஃபேஸும் சரியாக இருந்திருக்கிறது.

லைனில் கோளாறு இல்லை. பெட்டி ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆனால் கன்ட்ரோலரின் பின்கள் எல்லாம் ஒரு கணம் கைவிடப்படும், ரிலே விழும், கான்டாக்டர் விடும், மோட்டார் நிற்கும். பெட்டி மறுபடி எழுந்து, வழக்கமான இரண்டு நிமிடத் தாமதத்துக்குப் பிறகு மோட்டாரைப் போடும். ஏன் ரீசெட் ஆகிறது என்று தேடப் போனதில்தான் வாட்ச்டாக் டைமரை எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்தலாம் என்பது ஒரே பெட்டிக்குள் மொத்தமாகக் கிடைத்தது.

வாட்ச்டாக் என்பது சிப்புக்குள் இருக்கும் ஒரு இறங்குமுக எண்ணி, அவ்வளவுதான். ஒரு எண்ணிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வரும், பூஜ்யத்தைத் தொட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். அது பூஜ்யத்தைத் தொடாமல் இருக்க, புரோகிராம் அவ்வப்போது அதை மேலே ஏற்றிவிட வேண்டும், இதைத்தான் ரிஃப்ரெஷ் என்கிறோம். எங்கள் பெட்டியில் இருந்தது STM32F407. அதிலுள்ள IWDG என்ற வாட்ச்டாக்குக்குத் தனியாக ஒரு உள் கடிகாரம் உண்டு, மெயின் கிரிஸ்டல் நின்றுபோனாலும் இது ஓடும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் புரோகிராமால் அதை நிறுத்தவே முடியாது, ரீசெட் ஒன்றுதான் நிறுத்தும். IWDG_KR என்ற ரெஜிஸ்டரில் 0xCCCC எழுதினால் ஆரம்பிக்கும், 0xAAAA எழுதினால் ரிஃப்ரெஷ் ஆகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த 0xAAAA யார் எழுதினாலும் வாட்ச்டாக் ஏற்றுக்கொள்ளும், எழுதியவர் உருப்படியான வேலை செய்தாரா என்று அது கேட்காது. அதனால் ரிஃப்ரெஷ் என்ற அந்த ஒரு வரிக்கு "செய்ய வேண்டிய வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது" என்ற அர்த்தத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய ஃபர்ம்வேரில் அந்த அர்த்தமே இல்லை. 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை, ஓடும் புரோகிராமை இடைமறித்து வரும் டைமர் இன்டரப்டுக்குள் ரிஃப்ரெஷை வைத்திருந்தார்கள். பார்க்க ஒழுங்காகத் தெரியும், நேரம் தவறாது, ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் மெயின் லூப் எங்கேயாவது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலும் இன்டரப்ட் பாட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மெயின் லூப் செத்துக் கிடக்க, இன்டரப்ட் அதன் பேரில் "நலம்" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். சிலர் இதை விட்டுவிட்டு, நேரம் பிடிக்கும் ஒவ்வொரு லூப்புக்குள்ளும் ஒரு ரிஃப்ரெஷ் வரியைத் தூவுவார்கள், அதுவும் இதே கதைதான். மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ள அதே லூப்புக்குள் ரிஃப்ரெஷ் இருந்தால் மாட்டிக்கொண்டது ஒருநாளும் வெளியே தெரியாது.

அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் விற்ற பெட்டிகளில் வந்த புகார் வேறு: திடீரென்று ஒருநாள் பெட்டி போனுக்குப் பதிலே சொல்லாது, எஸ்எம்எஸ் அனுப்பினாலும் அசையாது, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். மோடத்திடம் ஒரு கட்டளை அனுப்பிவிட்டு `OK` வரும்வரை காத்திருக்கும் லூப்பில்தான் மாட்டியிருந்தது. அதற்கு அப்போது செய்த வைத்தியம் இது:

```c
while (!got_ok) {
    if (HAL_GetTick() - t0 > 60000)
        NVIC_SystemReset();
}
```

60 வினாடி பார்ப்போம், வராவிட்டால் சிப்பையே ரீசெட் செய்துவிடுவோம். இதைப் போட்டவுடன் போன் புகார் நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். `OK` ஏன் வரவில்லை என்ற கேள்வி அதோடு போய்விட்டது. பிழை அப்படியேதான் இருந்தது. முன்பு "பெட்டி பேசவில்லை" என்று வெளியே தெரிந்தது, இப்போது சில நாளுக்கு ஒருமுறை மோட்டார் இரண்டு நிமிடம் நின்று ஓடுவதாக மாறிவிட்டது. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதை யார் பெட்டியின் கோளாறு என்று நினைப்பார்கள்? ஒரு வருடத்துக்கு மேல் இது இப்படியே ஓடியிருக்கிறது.

சரி, நான் முதலில் செய்தது ரீசெட்டின் காரணத்தைப் படிப்பது. இந்தச் சிப்பில் RCC_CSR என்ற ரெஜிஸ்டரில் கடைசி ரீசெட் எதனால் வந்தது என்று கொடிகள் இருக்கும்: வாட்ச்டாக் என்றால் IWDGRSTF, புரோகிராம் தானே செய்துகொண்டது என்றால் SFTRSTF, பவர் போய் வந்தது என்றால் PORRSTF. எழுந்ததும் முதல் வேலையாக இதைப் படித்து எடுத்து வைத்துக்கொண்டு RMVF பிட்டை எழுதி அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் பழைய கொடிகள் சேர்ந்துகொண்டே போய், எது இப்போது வந்தது என்று தெரியாது. இன்னொன்று, உள்ளிருந்து எந்த ரீசெட் வந்தாலும் PINRSTF கொடியும் கூடவே ஏறும், அதைப் பார்த்து யாரோ ரீசெட் பட்டனை அழுத்தினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அதோடு, ரீசெட்டில் அழியாத ஒரு நினைவகப் பகுதியையும் ஒதுக்கினேன். ராமில் ஒரு துண்டை லிங்கர் ஸ்கிரிப்டில் .noinit என்று குறித்துவிட்டால், ஆரம்பக் குறியீடு அதைப் பூஜ்யமாக்காது. பவர் இருக்கும்வரை ரீசெட் ஆனாலும் அதில் எழுதியது நிற்கும். அதில் நிமிடத்துக்கு ஒருமுறை, பெட்டி எழுந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுத வைத்தேன். எழுந்ததும் அந்தப் பழைய எண்ணையும் ரீசெட் காரணத்தையும் எஸ்எம்எஸ்ஸில் எனக்கு அனுப்பிவிடும்.

சில நாளில் எஸ்எம்எஸ்கள் வர ஆரம்பித்தன. சில பெட்டிகள் SFTRSTF என்றன, சில IWDGRSTF என்றன. இரண்டு பிழைகள் இருக்கின்றன போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் நிமிடக் கணக்கை வரிசையாக எழுதிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. வாட்ச்டாக் ரீசெட் வந்த பெட்டிகள் எல்லாம் 68 மணி 16 நிமிடத்தில் விழுந்திருக்கின்றன. தானே ரீசெட் செய்துகொண்டவை 68 மணி 17 நிமிடத்தில். தோட்டம் வேறு, சிக்னல் வேறு, மோட்டார் வேறு, நேரம் மட்டும் ஒன்று. அந்த ஒரு நிமிட வித்தியாசம் மேலே உள்ள 60 வினாடிக் காத்திருப்பு. ஆகவே இரண்டுமே ஒரே கணத்தில் ஆரம்பிக்கின்றன.

68 மணி 16 நிமிடம் என்பது 4096 நிமிடம். இந்த எண்ணைப் பார்த்தால் எம்பெடட் வேலை செய்யும் யாருக்கும் ஒன்று புரியும், இது தோட்டத்திலிருந்து வந்த எண் கிடையாது, மெமரியிலிருந்து வந்த எண். பெட்டி நிமிடத்துக்கு ஒரு பதிவை, 32 பைட் அளவில், சிப்பின் சொந்த ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு செக்டார் 128 கிலோபைட். 32 பைட்டாகப் பிரித்தால் சரியாக 4096 பதிவு. செக்டார் நிரம்பியதும் அடுத்த செக்டாரை அழித்துவிட்டு எழுதத் தொடங்கும். விஷயம் அந்த அழிப்பில்தான் இருந்தது.

STM32F407இல் 128 கிலோபைட் செக்டாரை அழிக்கப் பொதுவாக 1 வினாடி ஆகும், அதிகபட்சம் 2 வினாடி ஆகலாம் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க ஃபிளாஷிலிருந்து எதையும் படிக்க முடியாது. புரோகிராமே ஃபிளாஷில்தான் இருக்கிறது என்பதால் பிராசஸர் அடுத்த கட்டளையை எடுக்க முடியாமல் அப்படியே நிற்கும். இன்டரப்ட் வந்தாலும் அதைக் கவனிக்கும் குறியீடும் அதே ஃபிளாஷில் என்பதால் அதுவும் நிற்கும். பழைய ஃபர்ம்வேர் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை `AT+CSQ` அனுப்பி சிக்னல் அளவு கேட்கும், பதில் வரும் இடைவெளியில் பதிவை எழுதிவிடும். 4095 முறை இதில் ஒரு தொல்லையும் இல்லை. 4096ஆவது முறை அழிப்பு வரும், சரியாக மோடம் பதில் அனுப்பும் நேரத்தில்.

115200 பாடு வேகத்தில் ஒரு பைட் வர 87 மைக்ரோவினாடிதான். முதல் பைட்டை எடுக்க ஆள் இல்லாத நிலையில் இரண்டாவதும் வந்துவிட்டால் சீரியல் போர்ட் ஓவர்ரன் என்று கொடி தூக்கும். அழிப்பு முடிந்து பிராசஸர் விழித்ததும், சிப் தயாரிப்பாளர் தரும் HAL லைப்ரரி அந்தக் கொடியைப் பார்க்கும். இன்டரப்ட் முறையில் வாங்கிக்கொண்டிருக்கும்போது ஓவர்ரன் வந்தால் HAL வாங்குவதையே நிறுத்திவிட்டு HAL_UART_ErrorCallback என்ற ஃபங்ஷனை அழைக்கும், நாம் அதற்குள் மறுபடி HAL_UART_Receive_IT அழைத்து ஆரம்பித்துவிட வேண்டும். இந்த ஃபர்ம்வேரில் அந்த ஃபங்ஷனை யாரும் எழுதவே இல்லை, லைப்ரரியில் இருந்த காலி ஃபங்ஷன்தான் ஓடியது. அதற்குப் பிறகு மோடம் என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் கேட்காது, `OK` வரவே வராது, 60 வினாடியில் ரீசெட். முதல் வகைப் பெட்டிகளின் கதை இது.

இரண்டாம் வகைக்குக் காரணம் வாட்ச்டாக்கின் கடிகாரம். 32 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள், ஆனால் அது ஒரு எளிய உள் ஆஸிலேட்டர், சிப்புக்குச் சிப்பு மாறும், டேட்டாஷீட் 17 முதல் 47 கிலோஹெர்ட்ஸ் வரை என்கிறது. வாட்ச்டாக்கை 2 வினாடி என்று வைத்திருந்தார்கள், 64 ஆல் வகுத்து 1000 எண்ணிக்கை, மொத்தம் 64000 துடிப்பு. ஒரு பெட்டியில் நான் அளந்தபோது கடிகாரம் 44 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. அப்படியென்றால் அங்கே 2 வினாடி என்பது உண்மையில் 1.45 வினாடி. அதே போர்டில் அழிப்பு தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி முடிந்ததும் இறக்கி ஸ்கோப்பில் பார்த்தேன், 1.6 வினாடி ஆயிற்று. அழிப்பு முடியும் முன்பே வாட்ச்டாக் முந்திக்கொண்டது. மற்ற போர்டுகளில் கடிகாரம் மெதுவாக இருந்ததால் அழிப்பு தப்பித்தது, ஓவர்ரனில் போய் மாட்டியது.

திருத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சீரியல் போர்ட்டை, பிராசஸரின் உதவியில்லாமல் பைட்டுகளை நகர்த்தும் டிஎம்ஏவுக்கு மாற்றி, வட்டமாகச் சுற்றும் ஒரு பஃபருக்குள் பைட்டுகள் தாமாகப் போய் உட்காரும்படி செய்தேன். டிஎம்ஏ ஃபிளாஷைத் தொடாமல் நேராக ராமுக்கு எழுதுவதால் பிராசஸர் நின்றாலும் அது நிற்காது. பிழை ஃபங்ஷனையும் எழுதினேன். அழிப்பை மோடத்திடம் எதுவும் கேட்காத நேரத்துக்குத் தள்ளினேன். அந்த 60 வினாடி ரீசெட்டை எடுத்துவிட்டு, மோடம் பதில் சொல்லாவிட்டால் மோடத்தின் பவரை மட்டும் அணைத்துப் போடும்படி மாற்றினேன். டவரில் சிக்னல் இல்லை, மோடம் குழம்பிவிட்டது என்பதெல்லாம் தோட்டத்தில் தினம் நடப்பது, அதற்காக ஓடும் மோட்டாரை நிறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

இப்போது ரிஃப்ரெஷுக்கு வருவோம். புது ஃபர்ம்வேரில் மூன்று டாஸ்க்குகள்: மோட்டாரின் கரண்ட், வோல்டேஜ் அளப்பது ஒன்று, மோடம் ஒன்று, பதிவு எழுதுவது ஒன்று. ரிஃப்ரெஷ் வரி மொத்த ஃபர்ம்வேரிலும் ஒரே இடத்தில், மேற்பார்வை டாஸ்க்கில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு டாஸ்க்கும் தன் வேலையில் ஒரு சுற்றை முடித்ததும் `last_ok` என்ற பட்டியலில் தன் இடத்தில் நேரத்தை எழுதும்.

```c
void supervise(void)
{
    for (int i = 0; i < N_TASK; i++) {
        uint32_t t = last_ok[i];
        if (HAL_GetTick() - t > limit[i]) {
            crash.who = i;
            return;
        }
    }
    IWDG->KR = 0xAAAA;
}
```

யாராவது ஒருவர் தன் கெடுவைத் தாண்டினால் அவர் பெயரை .noinit பகுதியில் எழுதிவிட்டு ரிஃப்ரெஷ் செய்யாமல் திரும்பிவிடும், மீதியை வாட்ச்டாக் பார்த்துக்கொள்ளும். எழுந்த பிறகு காரணக் கொடியோடு அந்தப் பெயரும் கையில் இருக்கும். பட்டியலைப் படித்த பிறகுதான் `HAL_GetTick()` அழைக்கிறேன் என்பதைக் கவனியுங்கள். முதலிலேயே நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டால், நடுவில் ஒரு உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் புகுந்து புது நேரத்தை எழுதிவிட, கழித்தல் கீழே போய் ஒரு பிரம்மாண்டமான எண் வரும், நன்றாக ஓடும் டாஸ்க் செத்ததாகக் கணக்காகிவிடும்.

ஆனால் இந்தக் குறியீட்டைவிட முக்கியம், ஒவ்வொரு டாஸ்க்கும் எந்த இடத்தில் நேரத்தை எழுதுகிறது என்பது. லூப்பின் முதல் வரியில் எழுதினால் "நான் லூப்பில் சுற்றுகிறேன்" என்றுதான் அர்த்தம். அளக்கும் டாஸ்க் புது அளவு ஒன்றை ஏடிசியிலிருந்து வாங்கி, அது நம்பக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ரிலே பற்றி முடிவெடுத்த பிறகுதான் எழுத வேண்டும். மோடம் டாஸ்க் ஒரு கட்டளைக்குப் பதில் வாங்கிய பிறகு, அல்லது பதில் வராததைக் கண்டு மோடத்தை அணைத்துப் போட்ட பிறகு. காத்திருக்கும் லூப்புக்குள் எழுதினால் நாம் விட்டுவந்த பழைய தப்புக்கே திரும்பிவிடுவோம். கெடுவும் ஆளுக்கு ஆள் வேறு: அளப்பதற்கு 1 வினாடி, மோடம் சில கட்டளைகளுக்கு மெதுவாகத்தான் பதில் சொல்லும் என்பதால் அதற்கு 90 வினாடி.

வாட்ச்டாக்கின் நேரத்தையும் இப்போது கணக்குப் போட்டு வைத்தேன். நியாயமாக வரக்கூடிய மிக நீண்ட மௌனம் 2 வினாடி அழிப்பு, அதற்கு இரட்டிப்பாக 4 வினாடி வேண்டும், அதுவும் கடிகாரம் மிக வேகமாக ஓடும் சிப்பிலும். 47 கிலோஹெர்ட்ஸில் 4 வினாடி என்றால் 256 ஆல் வகுத்து 735 எண்ணிக்கை. அதே எண்ணிக்கை மிக மெதுவான 17 கிலோஹெர்ட்ஸ் சிப்பில் 11 வினாடி ஆகும். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினாலும் 11 வினாடியைத் தாங்கும், ஓவர்லோடு வந்தால் ஸ்டார்ட்டரிலேயே தனி ரிலே இருக்கிறது. ஆகவே இந்த எண் சரி. வேறு எந்திரத்துக்கு, உதாரணமாக ஒரு ஹீட்டருக்கோ லிஃப்டுக்கோ, 11 வினாடி தாங்காது என்றால் அழிப்பையே ஃபிளாஷிலிருந்து வெளியே வேறு சிப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

ரீசெட்டைப் பார்த்தும் விட்டுவிடுவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கி, சில நாளில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருக்க, அதே பூட்டுக்கு ஒரு உயர்ந்த டாஸ்க் காத்திருக்க, நடுவில் உள்ள டாஸ்க்குகள் ஓடி தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்தன. அடுத்த சுற்று தொடங்கும்போது உயர்ந்தது முடிக்கவில்லை என்று கண்டு இன்னொரு டாஸ்க் ரீசெட்டைக் கூப்பிட்டது. தரையில் இருந்த நகல் கருவியில் தடயப் பதிவை ஓடவிட்டு இதைக் கண்டுபிடித்தார்கள், பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருப்பதன் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் முன்னுரிமை வாரிசு முறையை அந்தப் பூட்டில் இயக்கியதும் தீர்ந்தது. இதே ரீசெட் ஏவுவதற்கு முன்பான சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது, திரும்ப வரவைக்க முடியாததால் காரணம் தெரியாமலே விட்டுவிட்டார்கள். பூமியில் மேசைமேல் இருந்தபோது கிடைத்த தடயம் அது.

நம் மேசைமேல் அது நடக்காமல் போவதற்கு ஒரு பொதுவான காரணம், டெவலப் செய்யும்போது வாட்ச்டாக்கை அணைத்து வைப்பது. பிரேக்பாயின்டில் நிறுத்தினால் ரீசெட் ஆகிறதே என்று அணைப்பார்கள். தேவையில்லை, DBG_IWDG_STOP பிட்டைப் போட்டால் டீபக்கர் நிறுத்தியிருக்கும்போது மட்டும் வாட்ச்டாக் எண்ணுவதை நிறுத்தும், மற்ற நேரம் ஓடும். அப்புறம், ஒவ்வொரு டாஸ்க்கையும் வேண்டுமென்றே தொங்கவைக்கும் ஒரு சோதனைக் கட்டளையும் ஃபர்ம்வேரில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, ரீசெட் வருகிறதா, எழுந்ததும் சரியான பெயரைச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் எந்தப் பதிப்பும் வெளியே போகும். முதல் தடவை இதை ஓட்டியபோதே பதிவு டாஸ்க்கைத் தொங்கவிட்டால் ரீசெட் வரவில்லை, அதன் கெடுவை மில்லிவினாடிக்குப் பதில் மைக்ரோவினாடிக் கணக்கில் போட்டு ஆயிரம் மடங்கு நீட்டிவைத்திருந்தேன்.

கடைசியாக ஒன்று சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்றாவது முறையாக வாட்ச்டாக் ரீசெட் வந்தால் பெட்டி மோட்டாரைத் தானாகப் போடாது. மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, உரிமையாளருக்கு ஒரு எஸ்எம்எஸ், எனக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். எனக்கு வருவதில் காரணக் கொடி, டாஸ்க்கின் பெயர், நிமிடக் கணக்கு மூன்றும் இருக்கும்.